தேவகிக்குக் கிடைக்காமல் போன ஸ்லாட்

எனக்கு எழுத்துத் தெரியாது. நம்பர் தெரியும். பஸ் நம்பர் பார்த்து ஏறுவேன், போன் நம்பர் பார்த்து அடிப்பேன். அதனால் இதைச் சொல்லச் சொல்ல வேறு கை எழுதுகிறது. சொல்லப்போவது என் மருமகள் தேவகியைப் பற்றி. அவள் கெட்ட பெயர் எடுத்தவள் இல்லை, பெரிய பெயர் எடுத்தவளும் இல்லை. மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பால் சென்டரில் காலையும் மாலையும் பால் பார்க்கிறவள். அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு வரவேண்டியது ஒன்று வராமல் போனது. அது என்னால் போனது.

தேவகி எங்கள் வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். என் மகன் சுகுமார் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் இருக்கிறான். பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவான், துணியைத் துவைக்கப் போடுவான், தூங்குவான், போய்விடுவான். வீடு, மாடு, ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைப் பயிர் எல்லாம் தேவகி தலையில்தான். அதோடுதான் பால் சென்டர்.

அவள் பால் பார்க்கிற அழகைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழாயில் பாலை ஊற்றிப் பால் மீட்டரை விடுவாள். அது மிதக்கிறதைக் குனிந்து பார்த்து டிகிரி சொல்லுவாள். தண்ணீர் கலந்திருந்தால் ஊரைக் கூட்டமாட்டாள்.

"பெரியப்பா, மாடு ராத்திரி மழையில நனைஞ்சுதா?" என்று மட்டும் கேட்பாள்.

பெரியதம்பி என்று ஒருத்தர், ஆறடி ஆள், அவள் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு, "இல்லம்மா, என் பொண்டாட்டி கேனைக் கழுவிட்டு கவுக்க மறந்துட்டா போல" என்பார். மறுநாள் பால் சரியாக இருக்கும். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

இதையெல்லாம் பால் கம்பெனிக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். போன வருஷம் ஆனி மாசம், விழுப்புரத்தில் இருக்கிற பால் கம்பெனி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். ரூட் சூப்பர்வைசர் வேலை. பன்னிரண்டு ஊர் சென்டருக்கும் போய் வரணும், மீட்டர் சரியா, ரிஜிஸ்டர் சரியா என்று பார்க்கணும். வண்டிக்குப் பெட்ரோல் கம்பெனி கொடுக்கும். ஒரே ஒரு கண்டிஷன். ஆகஸ்ட் முப்பதாம் தேதிக்குள் டிரைவிங் லைசென்ஸ் காட்ட வேண்டும். வண்டி பழகுகிறவர்களுக்குத் தருகிற எல்எல்ஆர் செல்லாது.

அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து வந்தவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதே தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

"என்னாடி தனியா சிரிக்கிற?"

"பன்னெண்டு ஊரு அத்தை. பெரியதம்பி மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருப்பாங்க இல்ல?"

எல்எல்ஆர் அவளிடம் இருந்தது. மாசி மாசமே சுகுமார் வற்புறுத்தி எடுக்க வைத்தான். அவனுடைய பழைய ஸ்கூட்டர், கியர் இல்லாதது, வீட்டில் சும்மா கிடந்தது. கூட்டேரிப்பட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ராஜ்குமார்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான். எல்எல்ஆருக்கு ஆறு மாசம்தான் உயிர் என்றான். அதற்குள் திண்டிவனம் ஆர்டிஓ ஆபீசில் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து. அந்த ஆறு மாசம் ஆவணி மூணாம் தேதியோடு, அதாவது ஆகஸ்ட் பத்தொன்பதோடு, முடிகிறது.

சித்திரையில்தான் ஓட்டவே பழகினாள். சிவப்பில் எல் ஒட்டி, சுகுமார் வந்த நாட்களில் அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, மயிலம் ரோடு வரைக்கும் போய் வருவாள். வேலை என்று வந்த பிறகுதான் டெஸ்டுக்கு அவசரப்பட்டாள். நான்தான் களத்தில் சுண்ணாம்பு கரைத்து எட்டு வரைந்து கொடுத்தேன். எனக்கு நம்பர் தெரியும் என்றேன் இல்லையா, அந்த எட்டு அழகாக வந்தது. ஆனால் கோலத்து அளவுக்கு வந்துவிட்டது.

"அத்தை, இதுல கோழிக்குஞ்சுதான் ஓட்டும்" என்றாள். அழித்துவிட்டு அவளே பெரிசாகப் போட்டாள்.

டெஸ்டுக்கு நாள் ஒதுக்குகிறதை ஸ்லாட் என்கிறார்கள்; முதல் ஸ்லாட் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் கிடைத்தது. திங்கட்கிழமை. நானும் கூடப் போனேன். அங்கே வரிசையாக வண்டியோடு நிற்கிறார்கள். பொம்பளைங்க பத்துப் பேராவது இருக்கும். டெஸ்ட் பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேவகி முறை வந்தது. ஒரு வட்டம் நன்றாகத்தான் போனாள். இரண்டாவது வட்டத்துக்குத் திரும்பும்போது கண்ணைக் கீழே இறக்கிக் கோட்டைப் பார்த்தாள். வண்டி ஆடியது. இடது கால் தரையில் பட்டுவிட்டது.

"கீழ பாக்காதம்மா, போற பக்கம் பாரு. கோடு எங்கயும் ஓடிடாது" என்றார் அவர். கோபமில்லை. ஆனால் பெயில். 

திரும்பி வந்தோம். ஊர் எல்லை வந்ததும், "மீட்டரைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்த பழக்கம் அத்தை. தலை தானா கீழ போவுது" என்றாள்.

பெயிலானால் ஏழு நாள் கழித்துத்தான் திரும்ப டெஸ்ட். அதற்குத் திரும்பப் பணம் கட்டி, திரும்ப ஸ்லாட் எடுக்க வேண்டும். ராஜ்குமார் பணத்தைக் கட்டிவிட்டான். அதற்கப்புறம் தினமும் அப்ளிகேஷன் நம்பர் போட்டுப் பார்ப்பான். டெஸ்ட் பாக்கி, ஸ்லாட் எடுக்கவில்லை என்றே காட்டும். நாள் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. ஆகஸ்ட் பதினைஞ்சாம் தேதி கொடி ஏத்துற நாள், அடுத்த நாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்தது ஞாயிறு. ஆபீஸ் இருக்கிற நாளே கொஞ்சம். தேவகி வாய் ஓயாமல் அந்த அப்ளிகேஷன் நம்பரைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசி நாலு எண் இன்னும் நாக்கில் நிற்கிறது: நாலு, ஒன்பது, இரண்டு, ஏழு.

"யாராச்சும் கேன்சல் பண்ணா ஒண்ணு ரெண்டு தெறக்கும் அக்கா. நான் பாத்துக்கினே இருக்கேன்" என்று ராஜ்குமார் சொல்லியிருந்தான்.

இங்கே என் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டன் போன். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அதுதான். அந்தக் காலத்தில் ஆதார் எடுத்தபோது தேவகிக்கும் அந்த நம்பரைத்தான் கொடுத்தோம். பிறகு அவள் டச் போன் வாங்கினாள், நம்பரை மாற்றப் போகவே நேரம் வரவில்லை. எல்எல்ஆர் போட்டபோதும் ஆதாரில் இருக்கிற நம்பரே போய்விட்டது. அதனால் ஆர்டிஓவிலிருந்து வருகிற நம்பரெல்லாம், ஓடிபி என்கிறார்களே, அது என் மடியில் இருக்கிற போனுக்குத்தான் வரும். கடைக்குப் போகிறபோதெல்லாம் தேவகி என் போனையும் வாங்கிக்கொண்டு போவாள். அதனால் எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தெரு வீரம்மாளுக்கு ஒருத்தன் போன் பண்ணி, பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று நம்பர் கேட்டு, முதியோர் பணம் அத்தனையும் வழித்துக்கொண்டான். அவள் தெருவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்புறம் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு பெண் வந்து, "போன்ல வர்ற நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க. பெத்த புள்ளை கேட்டாலும் சொல்லாதீங்க" என்றாள். எல்லாரும் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். நான் மறக்கவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். சுகுமாரே ஒரு தடவை கேஸ் சிலிண்டருக்கு நம்பர் கேட்டு நான் சொல்லவில்லை. வாசலில் சிலிண்டர்காரன் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போனான்.

அது செவ்வாய்க்கிழமை காலை. தேவகி பால் சென்டரில் இருந்தாள். நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். போன் கீச்சென்றது, எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஆறு எண். மூடிவிட்டேன். உடனே மணி அடித்தது.

"ஆயா, நான் ராஜ்குமார் பேசறேன், கூட்டேரிப்பட்டு. ஒரு நம்பர் வந்திருக்குமே, ஜல்தியா சொல்லுங்க. அக்காவுக்கு ஸ்லாட் தெறந்திருக்கு. ஆவணி ரெண்டு, திங்கக்கிழம. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எந்த ராஜ்குமாரு?"

"அய்ய, பேஜாரு பண்ணாதீங்க ஆயா. கம்ப்யூட்டர் கடை ராஜ்குமாரு. போன வாரம் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தேனே."

"டீ வாங்கிக் குடுத்தவன்னு எவன் வேணும்னாலும் சொல்லலாம். நம்பரு நான் யாருக்கும் சொல்றதில்ல."

"அக்கா போனை எடுக்கலங்க. பைல வச்சிருக்காங்க போல. அந்த நம்பரைப் போட்டாத்தான் ஸ்லாட் நிக்கும். நேரம் ஓடிக்கினு இருக்குது."

நான் வைத்துவிட்டேன். திரும்ப அடித்தான், எடுக்கவில்லை. அப்புறம் இன்னொரு நம்பர் வந்தது என்று கீச்சென்றது. அதற்கும் நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தேவகியே பேசினாள். மூச்சு வாங்கியது. பின்னாடி கேன் மோதுகிற சத்தம் கேட்டது.

"அத்தை, நான்தான். ராஜ்குமார் என்கிட்ட சொன்னான். அந்த நம்பரைப் படிச்சு சொல்லுங்க."

"யாரு?"

"தேவகிதான் அத்தை! விளையாடாதீங்க. எல்எல்ஆர் முடியுது, இது போனா வேற நாள் கெடையாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"வீரம்மாளுக்கும் அவ மகன் கொரல்லதான் பேசுனாங்க. நேர்ல வா, போனைக் குடுக்கிறேன்."

"இங்க பால் ஊத்த முப்பது பேரு நிக்கிறாங்க அத்தை..."

சொல்லி முடிக்காமலே வைத்துவிட்டாள்.

இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீரம்மாளுக்கு அவள் மகன் குரலில் எவனும் பேசவில்லை. அந்த நேரத்துக்கு என் வாயில் வந்தது அது. தேவகியின் குரல் எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் கேட்ட குரல். தெரிந்தது. தெரிந்துதான் சொல்லவில்லை. பிடித்த பிடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் வண்டியில் பன்னிரண்டு ஊர் போக ஆரம்பித்தால் சாயங்காலம் இந்த வீட்டில் யார் இருப்பார்கள், என்னோடு யார் பேசுவார்கள் என்று ஒரு நினைப்பு எங்கேயோ அடியில் கிடந்தது. அப்போது அதை நான் எனக்கே ஒத்துக்கொள்ளவில்லை. ஏமாறாமல் இருந்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் நின்றேன், கையில் வைக்கோலோடு.

டெஸ்டுக்குப் பழக்கம் வேண்டுமென்று அப்போதெல்லாம் சென்டருக்கும் ஸ்கூட்டரிலேயே போவாள்; அதிலேயே வந்தாள். வாசலில் நிறுத்தக்கூட இல்லை, காலை ஊன்றிக்கொண்டே கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். நம்பரைப் பார்த்து ராஜ்குமாரிடம் படித்தாள். அந்தப் பக்கம் அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"அந்த நம்பர் செத்துப் போச்சுக்கா. புதுசா அனுப்பலாம்னு பாத்தேன், ஸ்லாட்டே போயிடுச்சு. வேற யாரோ எடுத்துட்டாங்க. இனிமே ஆவணி ஒம்போதுதான் காட்டுது. உங்க எல்எல்ஆரு மூணாந்தேதியோட சரி."

"அப்ப?"

"புது எல்எல்ஆர் போடணும்க்கா. அது வந்து முப்பது நாள் ஆனாத்தான் டெஸ்ட்."

தேவகி போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன், பதிலும் வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "பால் காத்துக்கினு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் முப்பது நெருங்கிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பால் கம்பெனி ஆபீசைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மேனேஜர் பிரேம்குமார் என்று ஒரு தம்பி. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, என் மருமகளுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. தப்பு அவளுது இல்ல, என்னுது. ரெண்டு மாசத்துல லைசென்ஸ் வந்துரும்."

"அவங்க வேலையில ஒரு குறையும் இல்லீங்கம்மா. நான்தான் அவங்க பேரைக் குடுத்ததே. ஆனா லைசென்ஸ் இல்லாத ஆளை ரோட்டுல அனுப்பி, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ் வராது. அந்தப் பாவம் யாருக்கு?"

"அதுவரைக்கும் பஸ்ஸுல போயி பார்ப்பா."

"காலைல ஆறு மணிக்குப் பன்னெண்டு ஊருக்கு எந்த பஸ்ஸும்மா போவுது?"

அவர் கேட்டது நியாயம். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்காமல். அடம்பிடித்தால் நடக்கும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அவர் சாப்பிடப் போகிற நேரம் வந்தது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "முகையூர் பக்கம் ஒரு தம்பிக்கு ஆர்டர் போட்டாச்சும்மா" என்றார்.

அந்தத் தம்பி பெயர் ஜெகதீசன். நல்ல பையன்தான். புரட்டாசியில் எங்கள் ஊர் சென்டருக்கு வந்தான். ரிஜிஸ்டரில் எந்தப் பக்கத்தில் என்ன எழுதணும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தேவகிதான் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தாள். "அக்கா, இங்க கையெழுத்தா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே போட்டான். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பால் கொண்டுபோயிருந்தேன். என் சொம்பை வாங்கி மீட்டரை விட்டாள், டிகிரி சொன்னாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டில் ஒன்றும் குறையவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். பேச்சுதான் குறைந்துபோனது. சென்டரில் நடந்ததை வந்து சொல்லிச் சிரிப்பாளே, அது நின்றுவிட்டது. நான்தான், "இன்னிக்குப் பெரியதம்பி பாலு எப்படி?" என்று கேட்பேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்பாள்.

ஒரு நாள் திண்டிவனம் போய் ஆதாரில் தன்னுடைய போன் நம்பரைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் என் போனை அவள் கேட்கவே இல்லை. ஸ்கூட்டரில் திரும்ப எல் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் புது எல்எல்ஆர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். களத்தில் எட்டு போட்டிருந்தாள். ராத்திரி மழை அழித்தால் காலையில் திரும்பப் போடுவாள். எப்போது டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் பார்க்கிறேன், ஸ்கூட்டரில் அந்தச் சிவப்பு எல் ஸ்டிக்கரைக் காணோம். பாஸாகி எடுத்துவிட்டாளா, வெயிலுக்கு உரிந்து விழுந்ததா? அவளைக் கேட்காமல் கூட்டேரிப்பட்டுக்குப் போனேன்.

"ராஜ்குமாரு, தேவகி அப்ளிகேஷன் என்னா ஆச்சுன்னு போட்டுப் பாரு. நம்பரு எனக்குத் தெரியும்." மனப்பாடமாக முழுசும் சொன்னேன்.

அவன் எழுதிக்கொள்ளவேயில்லை. "அது பழசு ஆயா. அது முடிஞ்சு போச்சு. இப்ப வேற நம்பரு."

"அதைப் போடு."

"அது அக்காகிட்ட இருக்குது. இந்தத் தடவை அவங்களே அவங்க போன்லயே போட்டுக்கினாங்க, இங்க வரல. நம்பரு தெரிஞ்சாலும் பொறந்த தேதி போட்டாத்தான் காட்டும். அக்கா பொறந்த தேதி சொல்லுங்க, ஏதாச்சும் வழி இருக்கான்னு பாக்கறேன்."

பங்குனியில் கல்யாணம் ஆகி வந்தாள் என்று தெரியும். அவள் அப்பா செத்த வருஷம் தெரியும். எங்கள் சிவப்பு மாடு எந்த நாள் கன்று போட்டது என்று தெரியும். இவள் பிறந்த நாள் எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"தெரியலப்பா" என்றேன்.

"பரவால்ல ஆயா, அக்காவையே கேளுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து அவளையே கேட்டேன். அடுப்பங்கரையில் கேப்பைக்களி கிளறிக்கொண்டிருந்தாள்.

"தேவகி, நீ என்னிக்குப் பொறந்த?"

"எதுக்கு அத்தை? இப்ப ஜாதகம் பாத்து என்னைத் திருப்பி அனுப்பப் போறீங்களா?"

அத்தனை மாசத்துக்கு அப்புறம் அவள் வாயில் வந்த முதல் கேலி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ராஜ்குமார் கடைக்குப் போனதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கிளறினாள். "பாஸாயிட்டேன் அத்தை. போன வெள்ளிக்கிழமை. காலு கீழ படல."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு இல்ல" என்றாள். "சொல்லணும்னு தோணல."

களியை இறக்கி வைத்துவிட்டு, தன் பிறந்த தேதியைச் சொன்னாள். வைகாசியாம், செவ்வாய்க்கிழமையாம்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் லைசென்ஸ் கவரைக் கொண்டுவந்தார். தேவகி வந்து பிரித்தாள். என் கையில் கொடுத்தாள். அவள் போட்டோ சின்னதாக இருந்தது, கீழே அவள் பிறந்த தேதி எண்ணில் இருந்தது, அதை மட்டும் படித்தேன். வாங்கி அலமாரியில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மணி நாலாகிவிட்டது, பால் சென்டருக்குக் கிளம்பினாள். சென்டர் தெருக்கோடியில்தான் இருக்கிறது, அதற்கு வண்டி வேண்டாம். நடந்துதான் போனாள்.